காது வலியால் அழும் குழந்தை: ஆன்டிபயாட்டிக்குக்கு முன் முதல் மூன்று நாட்கள்

மூன்று வயதுக் குழந்தை, எடை 14 கிலோ. நான்கு நாட்களாக மூக்கு ஒழுகுகிறது, லேசான இருமல். ஐந்தாம் நாள் நள்ளிரவில் திடீரென எழுந்து வலது காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. காய்ச்சல் 38.2 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 100.8. நடுக்காதுத் தொற்று பெரும்பாலும் இப்படித்தான் வரும். இந்தக் குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டுமா, வேண்டாமா? அதை யார், எப்போது, எதைப் பார்த்து முடிவு செய்வது? இந்த ஒரு குழந்தையை வைத்தே, வலி வந்த இரவிலிருந்து காது முழுதாகத் தெளியும் வரை ஒவ்வொரு படியாகப் போவோம்.

காதுக்குள் என்ன நடக்கிறது

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதுதான் நடுக்காது. அங்கிருந்து மூக்கின் பின்புறத்துக்கு யூஸ்டேஷியன் குழாய் என்ற மெல்லிய குழாய் இறங்குகிறது. நடுக்காதுக்குள் காற்று போவதும் அங்கே ஊறும் நீர் வெளியே வடிவதும் இந்த வழியாகத்தான். பெரியவர்களுக்கு இது நீளமாக, நல்ல சரிவோடு இருக்கும். சிறு குழந்தைகளுக்கோ குட்டையாக, ஏறக்குறைய படுக்கை மட்டத்தில் இருக்கும். வாட்டம் இல்லாமல் போட்ட வடிகால் குழாய் மாதிரி. சளி பிடித்து இதன் வாய் வீங்கி அடைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் காற்று மெல்ல உறிஞ்சப்பட்டு நீர் சேர்கிறது. மூக்கில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகள் அந்த நீருக்குள் ஏறிப் பெருகுகின்றன. சீழ் கூடக் கூடச் செவிப்பறை வெளிப்பக்கமாக உப்பும். அந்த அழுத்தம்தான் வலி. படுத்தால் வலி கூடுவதால்தான் இரவில் அழுகை அதிகம்.

காரணமான பாக்டீரியாக்களில் முக்கியமானவை மூன்று: நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே, மொராக்செல்லா. சளியைக் கொண்டுவந்த வைரஸும் பல குழந்தைகளின் நடுக்காது நீரில் இருக்கும். வைரஸிடம் ஆன்டிபயாட்டிக் எடுபடாது. பாக்டீரியா இருந்தாலும்கூட, மூக்கடைப்பு குறைந்து குழாய் திறந்துகொண்டால் சீழ் வடிய வழி கிடைக்கிறது, உடம்பின் எதிர்ப்பு சக்தி மீதியைப் பார்த்துக்கொள்கிறது. மருந்தில்லாமல் பல காதுகள் ஆறுவதற்கு இதுதான் காரணம்.

படி 1: முதல் இரவில் வலியை அடக்குங்கள்

நள்ளிரவில் ஆன்டிபயாட்டிக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆன்டிபயாட்டிக் முதல் 24 மணி நேரத்தில் வலியைக் குறைப்பதே இல்லை, இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது. அந்த இரவில் குழந்தைக்குத் தேவைப்படுவது வலி மருந்து. அதைச் சரியான அளவில் கொடுக்க வேண்டும். ‘கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போம்’ என்று அளவைக் குறைத்தால் வலி அடங்காது, பயம்தான் கூடும்.

பாராசிட்டமால் ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 14 கிலோ குழந்தைக்கு 14 × 15 = 210 மில்லிகிராம். அடுத்த வேளைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது.

இதை மில்லிலிட்டராக மாற்றும்போதுதான் தவறு நடக்கிறது. பாட்டிலைக் கையில் எடுத்து எழுத்தைப் படியுங்கள். 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் 210 மில்லிகிராமுக்கு 4.2 மில்லி. 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றால் 8.4 மில்லி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கலாம், அப்படியானால் 2.1 மில்லிதான். ‘எங்கள் பிள்ளைக்கு எட்டு மில்லி’ என்று மனதில் பதித்துக்கொண்டு அந்தச் சொட்டு மருந்தை 8.4 மில்லி கொடுத்தால், ஒரு நாள் முழுவதற்குமான மருந்து ஒரே வேளையில் உள்ளே போய்விடும். அதனால் எப்போதும் மில்லிகிராமை நினைவில் வையுங்கள். மில்லியைப் பாட்டிலைப் பார்த்து அப்போதைக்கு அப்போது கணக்கிடுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம், அளவுக்கோடு போட்ட சிரிஞ்சு நல்லது. சளி மருந்து சிலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாராசிட்டமால் போதவில்லை என்றால் ஐபுப்ரோஃபென் உதவும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை, அதாவது நம் குழந்தைக்கு 140 மில்லிகிராம், ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கால் நீரிழப்பு ஆகியிருந்தாலோ, சின்னம்மை இருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ தவிர்த்துவிடுங்கள். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். ரெய்ஸ் சிண்ட்ரோம் என்ற, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய நோயோடு அதற்குத் தொடர்பு உண்டு.

மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டால் குழந்தைக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். காதுக்குள் எண்ணெயோ தண்ணீரோ மிச்சமிருக்கும் பழைய காது சொட்டு மருந்தோ விட வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் அது நேரே நடுக்காதுக்குள் போகும். விழாமல் இருந்தாலும், மறுநாள் மருத்துவர் செவிப்பறையைத் தெளிவாகப் பார்க்க முடியாமல் மறைக்கும்.

படி 2: மறுநாள் செவிப்பறையைக் காட்டுங்கள்

காத்திருந்து பார்ப்பது என்றால் மருத்துவரிடம் போகாமல் இருப்பது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படியல்ல. காதைப் பார்த்து, இது நடுக்காதுத் தொற்றுதான், தீவிரமில்லை என்று உறுதி செய்த பிறகுதான் காத்திருப்பு தொடங்குகிறது.

காதை இழுப்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல் முளைக்கும்போதும் தூக்கம் வரும்போதும் குழந்தைகள் காதைப் பிடித்து இழுப்பார்கள். காதுத் துவாரத்துக்கு முன்னால் இருக்கும் சின்ன மடலை அழுத்தும்போதோ காது மடலைப் பிடித்து ஆட்டும்போதோ வலி பளிச்சென்று கூடினால், அது நடுக்காதாக இல்லாமல் வெளிக்காதுத் துவாரத்தில் வந்த தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கான சிகிச்சை வேறு. தொண்டை வலியும் பல் வலியும்கூடக் காதில் வலிப்பதுபோல் தோன்றும்.

மருத்துவர் ஓட்டோஸ்கோப் என்ற சிறு விளக்குக் கருவியால் செவிப்பறையைப் பார்ப்பார். அங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியது நிறம் அல்ல, உப்பல். அழுகிற குழந்தைக்கும் காய்ச்சல் அடிக்கிற குழந்தைக்கும் செவிப்பறை சிவக்கத்தான் செய்யும். சிவப்பை மட்டும் பார்த்து ‘இன்ஃபெக்‌ஷன்’ என்று சொல்லப்பட்ட காதுகளில் கணிசமானவை வெறும் சளிக் காதுகள். செவிப்பறை வெளியே தள்ளி, மங்கிப்போய், பின்னால் சீழ் தெரிந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம்.

மருத்துவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். செவிப்பறை உப்பியிருக்கிறதா? ஒரு காதிலா, இரண்டு காதிலுமா? ஓட்டை விழுந்து சீழ் வடிகிறதா? ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்பதற்கான பதிலில் பாதி இந்த மூன்றுக்குள் இருக்கிறது. மீதிப் பாதி குழந்தையின் வயதிலும் அது எவ்வளவு வாடியிருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

நம் மூன்று வயதுக் குழந்தைக்கு வலது செவிப்பறை சிவந்து ஓரளவு உப்பியிருக்கிறது. இடது காது சரியாக இருக்கிறது. சீழ் இல்லை. பாராசிட்டமால் கொடுத்த பிறகு வலி அடங்கித் தண்ணீர் குடிக்கிறது, பொம்மையைக் கேட்கிறது. மருத்துவர் ‘ரெண்டு, மூணு நாள் பார்க்கலாம்’ என்கிறார்.

ஏன் பார்க்கலாம் என்கிறார்?

இந்தக் கேள்வியை ஆராய்ந்த பல பரிசோதனைகளைக் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு ஒன்றாகத் தொகுத்தது. அதில் தெரிந்தது இது: நடுக்காதுத் தொற்று வந்த 100 குழந்தைகளில் சுமார் 60 பேருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி போய்விடுகிறது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் அப்படித்தான், கொடுக்காவிட்டாலும் அப்படித்தான். இரண்டாம், மூன்றாம் நாளில் சிறிய வித்தியாசம் தெரிகிறது. 20 குழந்தைகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அதில் ஒரு குழந்தைக்குக் கூடுதலாக வலி நிற்கிறது. மற்ற 19 பேருக்கு அதனால் மாற்றம் இல்லை. பெரும்பாலானோருக்கு எப்படியும் சரியாகியிருக்கும், சிலருக்கு மருந்திலும் வலி தொடரும். மறுபுறம், 14 குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒரு குழந்தைக்குக் கூடுதலாக வயிற்றுப்போக்கு, வாந்தி அல்லது தோல் தடிப்பு வருகிறது.

இதைப் படித்ததும் எந்தப் பெற்றோருக்கும் அடுத்து வரும் கேள்வி: ‘சரி, வலியை விடுங்கள், தொற்று உள்ளே பரவிவிட்டால்?’ நியாயமான பயம்தான். காதுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டாய்டு எலும்புக்குத் தொற்று பரவுவதுதான் அதில் முக்கியமானது. ஆன்டிபயாட்டிக் அதைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் அது அவ்வளவு அரிது. பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2009இல் வெளிவந்த ஆய்வின் கணக்குப்படி, அப்படி ஒரு குழந்தையைக் காப்பாற்ற ஏறக்குறைய 4,800 குழந்தைகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும். முழு கோர்ஸ் சாப்பிட்ட குழந்தைக்கும் அது வரலாம். ஆகவே என் கருத்தில், எல்லோருக்கும் முன்கூட்டியே மருந்து கொடுப்பதைவிட, அபாய அறிகுறிகளைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுப்பதே பெரிய பாதுகாப்பு.

நெதர்லாந்தின் குடும்ப மருத்துவர்கள் 1990இலேயே இந்தக் காத்திருப்பைத் தங்கள் வழிகாட்டுதலில் சேர்த்துவிட்டார்கள். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, தேவைப்பட்டால் மருத்துவரிடம் உடனே திரும்பிப் போக முடிகிற நாடுகளில் நடந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் திரும்பி வர வழியில்லாத குடும்பத்துக்கு இதே கணக்கு பொருந்தாது.

யாருக்குக் காத்திருக்கக் கூடாது

ஆன்டிபயாட்டிக் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு உதவுவதில்லை. 2006இல் பல பரிசோதனைகளில் கலந்துகொண்ட குழந்தைகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு பிரிவினருக்கு நல்ல பலன் தெரிந்தது. ஒன்று, இரண்டு வயதுக்குக் குறைந்து, இரண்டு காதிலும் தொற்று உள்ள குழந்தைகள். இவர்களில் நான்கு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாக வலியும் காய்ச்சலும் சீக்கிரம் விடுகிறது. இன்னொன்று, எந்த வயதானாலும் காதிலிருந்து சீழ் வடியும் குழந்தைகள். இவர்களில் மூவருக்கு ஒருவர். மேலே சொன்ன இருபதுக்கு ஒன்றோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று புரியும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே திசையில்தான் போகிறது. வலி கடுமையாக இருந்தாலோ, 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, காய்ச்சல் 39 டிகிரியை, அதாவது 102.2 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, சீழ் வடிந்தாலோ ஆன்டிபயாட்டிக் உடனே தொடங்கச் சொல்கிறது. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று இருந்தால், தீவிரம் குறைவாக இருந்தாலும் தொடங்க வேண்டும். அதே வயதில் ஒரு காது மட்டும், லேசான நோய் என்றால் மருத்துவரும் பெற்றோரும் பேசிக் காத்திருக்கலாம். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு நோய் லேசாக இருந்தால், இரண்டு காதானாலும் காத்திருக்கலாம்.

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காத்திருப்பு கிடையாது. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் இருந்தால், காது வலி இருக்கிறதோ இல்லையோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தை, அண்ணப்பிளவு உள்ள குழந்தை, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை, காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்திருக்கும் குழந்தை ஆகியோரின் காதை அவர்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் குழந்தையையே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். அதே சளி, அதே அழுகை, ஆனால் வயது 14 மாதம், இரண்டு செவிப்பறையும் உப்பியிருக்கின்றன, காய்ச்சல் 39.4. இங்கே ‘ஆன்டிபயாட்டிக் நல்லதில்லை’ என்று பெற்றோர் மறுப்பது தவறு. அந்தக் குழந்தைக்கு மருந்து தேவை, அதனால் பலனும் உண்டு.

படி 3: 48 முதல் 72 மணி நேரம் எப்படிக் கவனிப்பது

கிளம்பும் முன் மருத்துவரிடம் திட்டத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் மருந்துச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்து, ‘இத்தனாம் தேதிக்குள் சரியாகவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள்’ என்பார்கள். சிலர் மூன்றாம் நாள் திரும்ப வரச் சொல்வார்கள். இரண்டும் நல்ல வழிதான். ‘பார்த்துக்கலாம்’ என்று பொதுவாக முடிந்தால் மட்டும், எந்த நாள், எந்த அறிகுறி என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு நாட்கள் வலி மருந்தை வலிக்கும்போது மட்டும் கொடுக்காமல், நேரம் பார்த்துக் கொடுப்பது பலன் தரும். குறிப்பாகத் தூங்கப்போகும் முன் ஒரு வேளை. ஒரு தாளில் நேரத்தையும் மில்லிகிராமையும் எழுதி வையுங்கள். வீட்டில் இரண்டு பேர் மாறி மாறிப் பார்க்கும்போது ஒரே வேளையை இருவரும் கொடுத்துவிடும் ஆபத்து இதனால் நீங்கும். காய்ச்சலை அடுத்த வேளை மருந்து கொடுப்பதற்குச் சற்று முன்பு அளந்தால்தான் உண்மையான நிலை தெரியும். மருந்து வேலை செய்யும் நேரத்தில் அளந்தால் குறைவாகக் காட்டும்.

வலி மருந்து கொடுத்தால் ஆபத்து மறைந்துவிடுமோ என்று சிலர் தயங்குவார்கள். அனுபவத்தில் இது நேர்மாறாக உதவுகிறது. சரியான அளவு மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்தும் குழந்தை துவண்டே கிடந்தால், அது காது வலியால் மட்டும் வந்த வாட்டம் அல்ல. வலி குறைந்ததும் எழுந்து விளையாடுகிற குழந்தை, மருந்தின் வேகம் குறைந்ததும் மறுபடி அழுதாலும், பெரும்பாலும் சரியான பாதையில்தான் இருக்கிறது.

மூக்கடைப்பு மாத்திரை, அலர்ஜி சிரப் போன்றவை காதை வேகமாக ஆற்றுவதில்லை. தூக்கக் கலக்கமும் மற்றத் தொந்தரவுகளும்தான் மிச்சம். மூக்கில் உப்புத் தண்ணீர்ச் சொட்டு விட்டு அடைப்பை இளக்குவதால் குழந்தை நிம்மதியாக மூச்சு விடும், அவ்வளவுதான்.

நம் குழந்தைக்கு முதல் நாள் நான்கு வேளை பாராசிட்டமால் தேவைப்பட்டது. இரண்டாம் நாள் பகலில் ஒன்று, இரவில் ஒன்று. காய்ச்சல் 37.6க்கு இறங்கியது. மூன்றாம் நாள் காலை காதைப் பற்றிப் பேச்சே இல்லை. சளி மட்டும் பாக்கி. சீட்டு மடித்தபடியே இருக்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று நாளில் இப்படி ஆகும், சிலருக்கு ஒரு வாரம்வரை லேசான தொந்தரவு இருக்கும்.

இதே குழந்தைக்கு இரண்டாம் நாள் இரவும் முதல் இரவைப் போலவே போய், 48 மணி நேரம் தாண்டியும் காய்ச்சல் 38.5க்கு மேல் நின்றிருந்தால்? அப்போது ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டிய நேரம். இன்னும் ஒரு நாள் பொறுப்போம் என்று இழுக்க வேண்டாம். 72 மணி நேரம்தான் எல்லை, அதற்கு முன்பே நிலை மோசமானால் அப்போதே.

படி 4: ஆன்டிபயாட்டிக் தொடங்கினால்

ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கு வழக்கமாக முதலில் கொடுப்பது அமாக்ஸிசிலின். அளவும் நாட்களும் நாட்டுக்கு நாடு, வயதுக்கு வயது மாறும். அமெரிக்க வழிகாட்டுதலில் இரண்டு வயதுக்குக் கீழே 10 நாள், அதற்கு மேலே லேசான தொற்றுக்கு 5 முதல் 7 நாள். பிரிட்டனில் பொதுவாக 5 முதல் 7 நாள். கடந்த 30 நாட்களில் குழந்தை அமாக்ஸிசிலின் சாப்பிட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், வேறு மருந்து தேவைப்படும். முன்பு பென்சிலின் வகை மருந்தால் உடம்பெல்லாம் தடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அண்ணனுக்கோ அக்காவுக்கோ வாங்கி மிச்சம் வைத்த பாட்டில் இதற்கு உதவாது. கலக்கிய சிரப் சில நாட்களிலேயே வீரியம் இழக்கும், அளவும் வேறு.

தொடங்கிய பிறகும் 48 முதல் 72 மணி நேரத்தில் முன்னேற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம், அல்லது நோய் வேறாக இருக்கலாம். மறுபடி காதைக் காட்டுங்கள். வலி மருந்தை ஆன்டிபயாட்டிக் தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். முதல் நாளில் வலியைக் குறைப்பது இன்னும் அதுதான்.

சீழ் வடிந்தால்

தலையணையில் மஞ்சளாகவோ லேசாக ரத்தம் கலந்தோ கறை. பார்த்ததும் பதறத்தான் செய்யும். ஆனால் அதே நேரம் குழந்தையின் அழுகை நின்றிருப்பதையும் கவனியுங்கள். அழுத்தம் தாங்காமல் செவிப்பறையில் சிறு ஓட்டை விழுந்து சீழ் வெளியேறியதும் வலி சட்டென்று குறைகிறது. இந்த ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிவிடும். வெளியே வந்ததை மட்டும் சுத்தமான துணியால் துடையுங்கள். உள்ளே பஞ்சு திணிப்பதோ காது குடையும் குச்சி விடுவதோ கூடாது. குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நீச்சல் வேண்டாம். அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனென்றால் இது ஆன்டிபயாட்டிக் நன்றாக உதவும் பிரிவு. இரண்டு வாரத்துக்கு மேலும் வடிந்துகொண்டே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும்.

எப்போது உடனே ஓட வேண்டும்

காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டைத் தினமும் ஒருமுறை பாருங்கள், தொடுங்கள். மாஸ்டாய்டு தொற்றில் அந்த இடம் சிவந்து வீங்கும், தொட்டால் குழந்தை துடிக்கும், காது மடல் முன்பக்கமாகவும் கீழாகவும் தள்ளிக்கொண்டு நிற்கும். குழந்தையின் பின்னால் நின்று இரண்டு காதையும் ஒப்பிட்டால் வித்தியாசம் எளிதில் தெரியும். சில சமயம் காது வலி குறைந்து, இரண்டு மூன்று நாள் கழித்துக் காய்ச்சல் திரும்பி வரும்போது இது தலைகாட்டும். அதனால் ஒருமுறை ஆறிய பிறகு மறுபடி ஏறும் காய்ச்சலை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்கு வீட்டில் சிகிச்சை கிடையாது, மருத்துவமனையில் ஊசி வழி மருந்தும் சில நேரம் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும்.

கழுத்தை வளைக்க முடியாமல் விறைப்பது, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவது, கடுந்தலைவலியோடு திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் மயங்குவது, வலிப்பு, கைக்குழந்தையின் உச்சிக்குழி மேலே புடைப்பது, அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள் தோலில் வருவது: இவை மூளை உறை அல்லது ரத்தத்தில் தொற்று பரவியதைக் காட்டலாம். அந்த நிமிடமே கிளம்ப வேண்டும், இரவா பகலா என்று பார்க்கக் கூடாது.

முகத்தின் ஒரு பக்கம் சரியாக அசையாமல், அழும்போது வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கண்ணை முழுதாக மூட முடியாவிட்டாலோ அதுவும் அவசரம்தான். முக நரம்பு நடுக்காதை ஒட்டித்தான் போகிறது. நன்றாக நடந்த குழந்தை திடீரெனத் தள்ளாடினாலும் தலை சுற்றுகிறது என்றாலும் தொற்று உள்காதைத் தொட்டிருக்கலாம். எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காமல், எதையும் குடிக்காமல் இருந்தால் அது நீரிழப்பு. இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று உங்களை உறுத்தினாலும் போய்க் காட்டுங்கள்.

வலி போன பிறகு: தங்கும் நீர்

நம் குழந்தைக்கு வலி போய் இரண்டு வாரம் ஆயிற்று. ஆனால் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவதில்லை, டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறது. தொற்று அடங்கினாலும் நீர் உடனே வற்றுவதில்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளின் காதில் நீர் இருக்கும், ஒரு மாதத்தில் நூற்றுக்கு 40 பேருக்கு, மூன்று மாதத்தில் 10 முதல் 25 பேருக்கு. அது தொற்று அல்ல, அதனால் இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. இந்த நாட்களில் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருந்து பேசுங்கள், வகுப்பில் முன்னால் உட்கார வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் நீர் இருந்தாலோ, அதற்கு முன்பே பேச்சு வளர்ச்சி தடைபடுவதாகத் தோன்றினாலோ கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும்.

ஆறு மாதத்தில் மூன்று முறை, அல்லது கடைசி ஆறு மாதத்தில் ஒன்றையும் சேர்த்து ஒரு வருடத்தில் நான்கு முறை இந்தத் தொற்று வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். நீர் வடிய வழியாகச் செவிப்பறையில் சிறு டியூப் வைப்பதா, மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையைப் பார்ப்பதா என்று அவர் முடிவு செய்வார். அதற்குப் போகும்போது ஒவ்வொரு முறையும் எந்தத் தேதியில், எந்தக் காதில் வந்தது, சீழ் வடிந்ததா, எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்று எழுதிய தாளைக் கொண்டுபோங்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால், குழந்தையைப் படுக்கவைத்து பாட்டிலில் பால் கொடுத்தால், ஒரு வயதுக்கு மேலும் நாள் முழுக்க சூப்பான் வாயில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மூன்றும் காதுத் தொற்றைக் கூட்டுபவை, மூன்றையும் வீட்டிலேயே மாற்ற முடியும். நிமோகாக்கஸ் தடுப்பூசி போடப்பட்டதா என்றும் அட்டவணையில் பார்த்துவிட்டுப் போங்கள்.